காய்ச்சி வடித்த தண்ணீர் கலங்கியிருந்த கதை

திரையில் 999.90 என்று வந்தது. பீக்கரில் இருந்ததோ காய்ச்சி வடித்த நீர், அன்று காலையில்தான் ஆய்வகத்தில் பிடித்தது. நான்கு மாணவர்களும் பீக்கரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்கள். ஒரு தூசிகூட இல்லை.

"மேடம், இது 1000 கலங்கல்னா குளத்துல என்ன வரும்?" என்றாள் ஒருத்தி.

சுற்றுச்சூழல் பொறியியல் பாடத்துக்காக அவர்கள் செய்துகொண்டிருந்தது ஒரு சிறிய கருவி. கல்லூரிக்கு அருகிலுள்ள குளத்தில் அதை இறக்கிவிட வேண்டும். தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது, அமிலப் பக்கமா காரப் பக்கமா என்று கால் மணிக்கு ஒருமுறை அதுவே குறித்துவைக்க வேண்டும். ஒரு ஆர்டுயினோ பலகை, ஒரு கலங்கல் உணரி, ஒரு பிஹெச் மின்முனை, மெமரி கார்டு, பேட்டரி, அவ்வளவுதான் பொருள்கள். இணைத்து முடிக்க ஒரு மதியம் போதும். அதற்குப் பிறகு அது காட்டும் எண்ணை நம்பலாம் என்று சொல்வதற்கு எங்களுக்கு ஆறு வாரம் ஆயிற்று. இந்தக் கட்டுரை அந்த ஆறு வாரத்தைப் பற்றியது.

கலங்கல் என்பதே நல்ல தமிழ்ச் சொல். சில ஊர்களில் குளம் நிரம்பி வழியும் இடத்துக்கும் கலங்கல் என்றுதான் பெயர் என்பதால், குளக்கரையில் நின்று "கலங்கலை அளக்க வந்தோம்" என்று சொன்னபோது ஒரு பெரியவர் எங்களை மதகுப் பக்கம் கூட்டிப் போய்விட்டார். நாங்கள் அளக்க வந்தது தண்ணீரில் மிதக்கும் களிமண், பாசி, மக்கிய இலைத்துகள் எல்லாம் சேர்ந்து ஒளியை எவ்வளவு சிதறடிக்கின்றன என்பதை. அதன் அலகு என்.டி.யூ. அதில் உள்ள 'என்' எழுத்து நெஃபலோமெட்ரி என்பதன் முதலெழுத்து. நெஃபெலே என்றால் கிரேக்க மொழியில் மேகம். நம் நாட்டுக் குடிநீர்த் தரநிலை 1 என்.டி.யூ.வை விரும்பத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. அப்படியிருக்க, வடித்த நீருக்கு 1000 எங்கிருந்து வந்தது?

சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கலங்கல் உணரி, துணி துவைக்கும் இயந்திரங்களில் அழுக்கு போய்விட்டதா என்று பார்க்கப் பயன்படுவதன் தம்பிதான். இரண்டு கொம்புபோல் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு கொம்பில் ஒளி விடும் எல்.இ.டி., மற்றதில் ஒளியை வாங்கும் டிரான்சிஸ்டர். இடையில் தெளிந்த நீர் இருந்தால் ஒளி நிறையச் சேரும், வெளியே வரும் வோல்ட் அதிகம். கலங்கினால் ஒளி குறையும், வோல்ட்டும் குறையும். வோல்ட்டை என்.டி.யூ. ஆக்க இணையமெங்கும் ஒரே சூத்திரம்தான் கிடைக்கிறது. எங்கள் பிள்ளைகளும் அதைத்தான் எடுத்துப் போட்டிருந்தார்கள்:

```
ntu = -1120.4*v*v + 5742.3*v - 4352.9;
```

இதில் v இடத்தில் 4.2 என்று போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய சைபர் வரும். அதாவது இந்தச் சூத்திரத்தை உருவாக்கியவரின் உணரி, தெளிந்த நீரில் 4.2 வோல்ட் காட்டியிருக்கிறது. எங்கள் கையில் இருந்த உணரியோ தெளிந்த நீரில் 3.9 வோல்ட் காட்டியது. அது பழுது இல்லை. இந்த வகை உணரிகள் ஒன்றுக்கொன்று 0.3 வோல்ட் வரை முன்பின் இருப்பது வழக்கம். ஆனால் சூத்திரத்துக்கு அது தெரியாது. 4.2 இருக்கவேண்டிய இடத்தில் 3.9 வந்ததும், "அடேயப்பா, இவ்வளவு ஒளி தடுக்கப்பட்டிருக்கிறதே" என்று 1000 போட்டுவிட்டது. வேறொருவர் காலுக்கு அளவெடுத்த செருப்பை நாம் மாட்டிக்கொண்டு நம் கால் கோணல் என்று சொன்ன மாதிரி.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. திரையில் எண் 999.90 அல்லது 985.23, இந்த இரண்டுக்குள்தான் தாவிக்கொண்டிருந்தது. இடையில் 990, 995 எதுவும் வரவே இல்லை. காரணம் ஆர்டுயினோவின் படிக்கட்டு. அது 5 வோல்ட்டை 1023 படிகளாகப் பிரித்துத்தான் பார்க்கும். ஒரு படி ஏறக்குறைய 4.9 மில்லிவோல்ட். அந்த ஒரு படியே இங்கே 15 என்.டி.யூ. ஆகிவிடுகிறது. நம் குளங்கள் மழையில்லாக் காலத்தில் இருப்பதே சில பத்து என்.டி.யூ.தான். புளி நிறுக்கும் தராசில் பொன்னை நிறுக்கப் பார்த்திருக்கிறோம். பத்துக்கும் மேற்பட்ட திட்ட அறிக்கைகளில் இதே உணரியை வைத்து "கலங்கல் 12.47 என்.டி.யூ." என்று தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கத்துடன் எழுதியிருப்பதை நானே திருத்தி மதிப்பெண் போட்டிருக்கிறேன். அந்த எண் வந்திருக்கவே முடியாது என்று அப்போது எனக்கும் தோன்றவில்லை.

படிக்கட்டுப் பிரச்சினைக்கு வழி எளிது. ADS1115 என்ற சிறிய சில்லு, வோல்ட்டை மிக நுண்ணிய படிகளில் படிக்கும். எங்கள் அமைப்பில் ஒரு படி 0.19 மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. அதை உணரிக்கும் ஆர்டுயினோவுக்கும் நடுவே வைத்தோம். ஒவ்வொரு முறையும் 50 தடவை படித்துச் சராசரி எடுத்தோம். செருப்புப் பிரச்சினைக்குத்தான் அளவுதிருத்தம் தேவைப்பட்டது, அதாவது கலங்கல் எவ்வளவு என்று முன்னமே தெரிந்த நீர்களைக் கொடுத்து, நம் உணரி ஒவ்வொன்றுக்கும் என்ன சொல்கிறது என்று எழுதிக்கொள்வது.

தெரிந்த கலங்கலுக்கு உலகமெங்கும் ஒரு பால் இருக்கிறது. ஃபார்மசின் என்று பெயர். ஹைட்ரசின் சல்ஃபேட் 100 மில்லியில் 1 கிராம், ஹெக்சமின் 100 மில்லியில் 10 கிராம் என்று இரண்டு கரைசல் செய்து, ஒவ்வொன்றிலும் 5 மில்லி எடுத்துக் கலந்து, 25 டிகிரி வெப்பத்தில் ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விட வேண்டும். மறுநாள் வெண்மையாகத் திரண்டிருக்கும். அதை 100 மில்லி ஆக்கினால் 400 என்.டி.யூ. ஹைட்ரசின் சல்ஃபேட் நச்சு, புற்றுநோய் சந்தேகமும் உண்டு. அதனால் அந்த வேலையைக் கையுறை போட்டுக்கொண்டு நானே செய்தேன். நீர்த்துப்போகச் செய்வதை மட்டும் மாணவர்களிடம் விட்டேன். 50 மில்லியை 100 ஆக்கினால் 200, 25 மில்லியை ஆக்கினால் 100, 12.5 மில்லியை ஆக்கினால் 50. நீர்த்த கரைசல் தங்காது, அன்றன்றே பயன்படுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் குடுவையை மெல்லத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தினோம். வேகமாகக் குலுக்கினால் காற்றுக்குமிழி வந்து, குமிழியும் கலங்கலாகக் கணக்கில் சேர்ந்துவிடும்.

கறுப்புத்தாள் சுற்றிய பீக்கரில் கிடைத்த எண்கள் இவை. வடித்த நீர் 3.902 வோல்ட். 50க்கு 3.888, 100க்கு 3.875, 200க்கு 3.849, 400க்கு 3.798. வரைபடத்தாளில் குறித்தால் கிட்டத்தட்ட நேர்கோடு. 400 என்.டி.யூ.வுக்கு 104 மில்லிவோல்ட் இறங்கியிருக்கிறது, அதாவது ஒரு என்.டி.யூ.வுக்கு 0.26 மில்லிவோல்ட். இதைக் கண்டதும் முன்பு எடுத்த நீளமான சூத்திரத்தைத் தூக்கியெறிந்தோம். கழித்தல் ஒன்று, வகுத்தல் ஒன்று போதும். வடித்த நீரின் வோல்ட்டிலிருந்து குளத்து நீரின் வோல்ட்டைக் கழித்து 0.00026 ஆல் வகுக்க வேண்டியதுதான்.

முதல் குளத்து நீர் 3.871 காட்டியது. 31 மில்லிவோல்ட் இறக்கம், 119 என்.டி.யூ. அதே நீரை ஆய்வகத்து நெஃபலோமீட்டரில் வைத்தோம், 108. ஒரு பிள்ளைக்கு முகம் வாடிவிட்டது. வாடவேண்டியதில்லை. நெஃபலோமீட்டர் ஒளிப்பாதைக்குச் செங்குத்தாக நின்று சிதறிவரும் ஒளியைப் பார்க்கிறது. நம் உணரி நேரே நின்று எவ்வளவு ஒளி தப்பி வந்தது என்று பார்க்கிறது. குளத்துக் களிமண்ணின் மணிகள் ஃபார்மசின் மணிகளின் அளவில் இருப்பதில்லை. இரண்டும் ஒரே எண்ணைச் சொன்னால்தான் ஆச்சரியம். அதோடு, எங்கள் உணரி சும்மா இருக்கும்போதே ஒரு மில்லிவோல்ட் மேலும் கீழும் ஆடியது, அது 4 என்.டி.யூ. ஆகவே 10 என்.டி.யூ.வுக்குக் கீழே இந்தக் கருவி சொல்வதைக் கேட்பதில்லை என்று முடிவுசெய்தோம். குடிநீருக்கு இது உதவாது. மழைக்குப்பின் குளத்தில் செம்மண் வந்து இறங்குவதைப் பார்க்க நன்றாக உதவும்.

பிஹெச் பக்கம் கதை வேறு. கலங்கல் உணரி மலிவுப் பொருள், பிஹெச் மின்முனை உயிருள்ள பிராணிபோல, பராமரிக்காவிட்டால் செத்துப்போகும்.

பிஹெச் என்ற அளவை 1909இல் கொண்டுவந்தவர் சோரன் சோரன்சன், கோபன்ஹேகனில் ஒரு பீர் நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்தவர். 7 நடுநிலை, கீழே போகப்போக அமிலம், மேலே போகப்போகக் காரம். ஒரு எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறுகிறது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். மின்முனையின் நுனியில் மெல்லிய கண்ணாடிக் குமிழ் இருக்கிறது. உள்ளும் வெளியும் ஹைட்ரஜன் அயனிகளின் அளவு வேறுபட்டால் அந்தக் கண்ணாடிக்குக் குறுக்கே மிகச் சிறிய மின்னழுத்தம் தோன்றும். 7இல் அது சைபர். அங்கிருந்து ஒவ்வொரு எண்ணுக்கும், 25 டிகிரியில், 59 மில்லிவோல்ட். எங்கள் பெருக்கிப் பலகை அதை மூன்று மடங்காக்கி, சைபரை இரண்டரை வோல்ட்டில் வைத்துக் கொடுத்தது. எனவே நல்ல மின்முனையென்றால் ஒரு பிஹெச்சுக்கு 0.177 வோல்ட் மாறவேண்டும். அந்த மாற்றத்தைச் சாய்வு என்கிறோம். டாக்டர் நாடி பிடித்துப் பார்ப்பதுபோல, சாய்வைப் பார்த்தாலே மின்முனையின் உடம்பு தெரிந்துவிடும்.

நம் ஆய்வகங்களில் 4, 7, 9.2 என்று மூன்று தாங்கல் மாத்திரைகள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் 100 மில்லி வடித்த நீரில் கரைத்தால் அந்தந்த பிஹெச். முதல் நாள் 7இல் 2.52 வோல்ட் வந்தது. 4இல் 3.05 வரவேண்டிய இடத்தில் 2.91தான் வந்தது. மூன்று எண்ணுக்கு 0.39 வோல்ட், சாய்வு 0.13. நாடி தளர்ந்திருந்தது. விசாரித்தால், செமஸ்டர் விடுமுறை முழுக்க யாரோ மின்முனையை "சுத்தமா இருக்கட்டும்" என்று வடித்த நீரில் நிறுத்தி வைத்திருந்தார்கள். செய்யக்கூடாத வேலை அதுதான். வடித்த நீர் உள்ளேயிருக்கும் உப்பையும் கண்ணாடியின் மேற்பரப்பில் இருக்கவேண்டியதையும் உறிஞ்சி எடுத்துவிடும். 100 மில்லிக்கு 22.4 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்து, அதில் ஓர் இரவு ஊறவைத்தோம். மறுநாள் சாய்வு 0.17க்கு வந்தது. மின்முனை பிழைத்துக்கொண்டது.

அடுத்து ஒரு பழக்கத்தை உடைக்க வேண்டியிருந்தது. எல்லோரும் 4, 7 என்ற இரண்டு தாங்கலில் திருத்திவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். எங்கள் குளமோ 7க்குக் கீழே இறங்கியதே இல்லை. பாசி பிடித்த குளம் காரப் பக்கம்தான் நடமாடும். நாம் நடக்காத பக்கத்துக்குச் சாலை போட்டு என்ன பயன்? ஆகவே 7, 9.2 இரண்டையும் வைத்துத் திருத்தினோம். 4ஐச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொண்டோம். ஒரு தாங்கலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது வடித்த நீரில் அலசி, டிஷ்யூ தாளால் ஒற்றி எடுக்க வேண்டும். துடைக்கக் கூடாது. தேய்த்தால் கண்ணாடியில் மின்னூட்டம் ஏறி, எண் சில நிமிடம் தடுமாறும். எண் நின்ற பிறகுதான் எழுத வேண்டும். எங்களுக்கு அது ஒன்றரை நிமிடம் ஆயிற்று. பொறுமையில்லாத பையன் ஒருவன் பத்து விநாடியில் எழுதிவிட்டு, மூன்று முறை திருப்பிச் செய்தான்.

கடைசியில் நிரலில் மிஞ்சியது இவ்வளவுதான்:

```
float ph  = 7.0 + (2.520 - vph) / slope;
float ntu = (v0 - vt) / 0.00026;
```

குளத்துக்குப் போன அன்று முதல் சண்டை லேப்டாப்பால் வந்தது. கரையில் உட்கார்ந்து எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பம்பு ஷெட்டிலிருந்து ஒயர் இழுத்து யாரோ லேப்டாப்புக்குச் சார்ஜர் போட்டதும் பிஹெச் சட்டென்று அரை எண் குதித்தது. பிடுங்கினால் பழையபடி. மின்முனையின் சமிக்ஞை மிக மெலிந்தது. தண்ணீர் வழியாகவும் சார்ஜர் வழியாகவும் மண்ணுக்கு இரண்டு பாதை கிடைத்துவிட்டால் கசிகிற சொற்ப மின்னோட்டமே அதைக் கவிழ்த்துவிடும். அன்றிலிருந்து பேட்டரி மட்டும்தான். இதேபோல கலங்கல் உணரிக்குள் தண்ணீர் புகுந்தாலும் பிஹெச் கெடலாம். அந்த உணரியின் கொம்புதான் நீர்புகாதது, ஒயர் செருகும் தலைப்பகுதி அப்படியல்ல. சந்தேகம் வந்தால் ஒன்றை வெளியே எடுத்து மற்றது மாறுகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை.

மதியம் கலங்கல் எண் மைனஸ் 15க்குப் போனது. வடித்த நீரைவிடத் தெளிவான குளம்! உச்சி வெயில் நேராக உணரியின் கண்ணில் விழுந்து, "நிறைய ஒளி வருகிறதே" என்று அது நினைத்துவிட்டது. பி.வி.சி. குழாயில் பக்கவாட்டில் ஓட்டை போட்டு, கறுப்பு பெயின்ட் அடித்து, உள்ளே உணரியை வைத்து ஓரடி ஆழத்தில் கட்டிய பிறகு அந்தக் கூத்து நின்றது.

பிறகு பாசி. ஒன்பது நாளில் கலங்கல் 60இலிருந்து 210க்கு ஏறியது. மழை இல்லை, மாடு இறங்கவில்லை. குப்பியில் மொண்டு வந்து ஆய்வகத்தில் பார்த்தால் குளத்து நீர் பழையபடியே இருந்தது. உணரியின் கொம்பைத் தடவினால் வழுவழுவென்றிருந்தது. பஞ்சால் துடைத்ததும் எண் 65. மழையால் வரும் கலங்கல் சட்டென்று ஏறி, மண் படியப்படிய மெல்ல இறங்கும். பாசிப்படலம் இறங்கவே இறங்காது, நாளுக்கு நாள் ஏணி ஏறும். வரைபடத்தில் இரண்டுக்கும் முகமே வேறு. துடைப்பதற்கு முன் ஒரு எண், துடைத்த பின் ஒரு எண் என்று இரண்டையும் எழுதும் வழக்கம் அப்படித்தான் வந்தது.

பிஹெச் வரைபடம்தான் மாணவர்களை உட்கார வைத்துப் பார்க்கச் செய்தது. விடியற்காலை 7.6. வெயில் ஏற ஏற அதுவும் ஏறி, பிற்பகல் மூன்று மணிக்கு உச்சம். இருட்டியதும் இறக்கம். ஆலைக் கழிவு எதுவும் இல்லை, பாசிதான் காரணம். பகலில் பாசி தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவை எடுத்துக்கொள்கிறது. அந்த வாயு நீரில் ஓர் எளிய அமிலம், அது போனால் நீர் காரமாகிறது. இரவில் எல்லா உயிரும் மூச்சுவிட்டு அதைத் திருப்பித் தருகின்றன, ஆக்சிஜனையும் தின்றுவிடுகின்றன.

குளத்தை மீனுக்குக் குத்தகை எடுத்தவர் எங்கள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "விடியக்காலம் மீனு வாயத் தூக்கும்மா, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமா?" என்று கேட்டார். இருக்கிறது. பிஹெச் தாழ்ந்திருக்கும் அந்த நேரத்தில்தான் ஆக்சிஜனும் தாழ்ந்திருக்கும். பிற்பகலிலோ வேறு ஆபத்து. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவில் மீனைக் கொல்லும் வடிவம், 30 டிகிரி நீரில் பிஹெச் 7.6 என்றால் நூற்றில் 3 பங்குதான். 9.1 என்றால் கிட்டத்தட்ட பாதி. தீவனம் எப்போது, எவ்வளவு போடுவது என்று அவர் கேட்ட கேள்விகளுக்கு எங்களிடம் முழுப் பதில் இல்லை. காலை எட்டு மணிக்கு ஒரே ஒரு குப்பி எடுத்துப்போய் "இந்தக் குளத்தின் பிஹெச் இது" என்று எழுதும் நம் வழக்கம் எவ்வளவு அரைகுறை என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

உச்சத்தை 9.3 என்று அவரிடம் சொல்லியிருந்தோம். அதில் ஒரு தப்பு இருந்தது, மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அறையை ஒழுங்குபடுத்தியபோது, 9.2 தாங்கல் கரைசலின் பாட்டில் மூடியில்லாமல் அலமாரியில் நின்றது. திருத்தம் செய்ததற்கு இரண்டு வாரம் முன்பே திறந்தது. காரக் கரைசல் காற்றிலிருந்து கரியமில வாயுவைக் குடித்து மெல்ல இறங்கும். குளத்தில் இரவு நடப்பதுதான் பாட்டிலிலும் நடந்திருக்கிறது. அந்தக் கரைசல் எங்களுக்கு 2.180 வோல்ட் காட்டியபோது அதை 9.18 என்று நம்பி, சாய்வு 0.156 என்று போட்டிருந்தோம். புது மாத்திரை கரைத்துப் பார்த்தால் சாய்வு 0.170. பழைய பாட்டிலில் இருந்தது உண்மையில் 9.0.

நல்லவேளையாக, மெமரி கார்டில் பிஹெச்சை மட்டும் சேமிக்காமல் பக்கத்திலேயே வெறும் வோல்ட்டையும் எழுதச் சொல்லியிருந்தேன். குதித்துக் கேள்வி கேட்ட அதே பெண் உட்கார்ந்து, அந்த உச்ச நேரத்து 2.160 வோல்ட்டைப் புதுச் சாய்வில் போட்டாள். 9.31 இருந்த இடத்தில் 9.12 வந்தது. மூன்று வார வரிகள் முழுவதையும் அன்று மாலையே மாற்றிவிட்டு, குத்தகைக்காரருக்கு போன் போட்டாள்: "அண்ணே, அன்னைக்கு நாங்க சொன்னது கொஞ்சம் கூட, 9.1ன்னு வச்சுக்கங்க."